கொக்கியில் 925, பற்றுச்சீட்டில் வெறும் ‘வெள்ளி’: மலையக நகை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு,

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை முதலிய மலையக நகரங்களில் நகைக் கடையோ வெள்ளிச் சாமான் கடையோ அடகுக் கடையோ நடத்தும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் வெள்ளி விற்பவன் அல்லன். அறுந்த கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுவதும், நெளிந்த கிண்ணத்தைத் தட்டி நிமிர்த்துவதும், கழன்ற திருகாணியை மாற்றுவதும்தான் என் தொழில். உங்கள் கடைகளில் விற்ற பொருள் பல ஆண்டுகள் கழித்துப் பட்டறைப் பலகைக்கு வரும்போது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவன் என்ற முறையில், முத்திரையைப் பற்றியும் பற்றுச்சீட்டைப் பற்றியும் சில விடயங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கொலுசை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தோட்டக் குடும்பங்கள் வெள்ளியில் அதிகமாக வாங்குவது அதைத்தான். பெண் பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீராகக் கொலுசு வருகிறது; தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் கொலுசு வாங்கப்படுகிறது; பள்ளிக்கூடச் செலவு வந்தால் அதே கொலுசுதான் அடகுக்கும் போகிறது. அந்தக் கொலுசின் கொக்கியிலோ கொக்கியை ஒட்டிய சிறு தகட்டிலோ 925 என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆயிரம் பங்கு உலோகத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதே அந்த எண்ணின் பொருள். சுத்த வெள்ளி கொலுசுக்கு மிகவும் மென்மையானது. கண்ணிகள் இழுபடும், கொக்கி வாய் திறந்துவிடும். ஆகவே செம்பு சேர்ப்பது கலப்படம் அன்று. 925 மட்டுமன்றி 900, 835, 800 என்ற தரங்களும் உலகில் பல நாடுகளில் முறையாக வழங்கி வந்தவையே. நம் தொழிலில் இதையே நூற்றுக்கு இத்தனை ‘டச்’ என்று சொல்கிறோம். 80 டச் கொலுசும் கொலுசுதான். அது 80 என்று சொல்லி, 80க்குரிய விலையில் விற்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த எண்ணைப் பொறித்தவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது. இங்கிலாந்தில் ஒரு வெள்ளிப் பொருளின் மேல் உள்ள நடக்கும் சிங்கத்தின் முத்திரை, செய்தவரோ விற்றவரோ இட்டதன்று. அவர்களிலிருந்து வேறான ஒரு சோதனை அலுவலகம் உலோகத்தைச் சோதித்த பின்னர் இட்டது. அதனுடன் பர்மிங்ஹாம் அலுவலகத்துக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை என்று ஊர் அடையாளமும், செய்தவரின் எழுத்தும் சேர்ந்து நிற்கும். இந்தியாவில் பி.ஐ.எஸ். எனப்படும் தர நிர்ணய அமைப்பின் முத்திரை அந்த வேலையைச் செய்கிறது; 2025 செப்டெம்பர் முதல் வெள்ளிப் பொருளுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளக் குறியை இடும் முறை வந்திருக்கிறது, ஆயினும் வெள்ளிக்கு அது கட்டாயம் அன்று. இவற்றுக்கு மாறாக, வெறுமனே 925 என்று மட்டும் இருப்பது செய்தவரின் சொல் மட்டுமே. அந்த மூன்று இலக்கங்கள் பதித்த உருக்கு அச்சுக்கோல் கருவிக் கடையில் யாருக்கும் கிடைக்கும். ஒரு சுத்தியல் தட்டில் எந்த உலோகத்திலும் அது பதியும். நம் கடைகளுக்கு வரும் கொலுசுகளில் பெரும்பாலானவற்றில் நான் காண்பது இந்தத் தனி எண்ணைத்தான். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று எங்கும் எழுதப்படவில்லை என்று சொல்கிறேன்.

ஒரு கொலுசின் கதையைக் கணக்கோடு சொன்னால் விடயம் தெளிவாகும். ஒரு தாய் தன் மகளுக்கு வாங்கிய 80 கிராம் சோடிக் கொலுசை மாற்றிப் பெரிதாக எடுக்கப் போனார். கொக்கியில் 925 இருந்தது. வாங்கியபோது கிடைத்த பற்றுச்சீட்டில் ‘வெள்ளிக் கொலுசு, 80 கிராம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாற்றும் இடத்தில் அது 60 டச் என்று சொன்னார்கள். விற்றபோது சொன்ன தரத்தின்படி அந்தச் சோடியில் 74 கிராம் சுத்த வெள்ளி இருந்திருக்க வேண்டும். 60 டச் என்றால் 48 கிராம். இடையே 26 கிராம் வெள்ளி, அதாவது அவர் விலை கொடுத்த வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இல்லாமற் போய்விட்டது. இதற்கு மேல் தேய்மானம் என்றும் கழித்தார்கள். அவர் அதை மாற்றாமல் என்னிடம் கொண்டு வந்தார். ஒரு கண்ணியை வெட்டி எடுத்து, மூன்று முனை அரத்தால் அதன் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டுப் போட்டேன். மேலே பால் வெள்ளை. உள்ளே மங்கிய செந்நிறம் கலந்த மஞ்சள். கொக்கியில் அதே அரத்தால் போட்ட வெட்டு அடிவரை வெள்ளையாகவே இருந்தது. அதாவது எண் பொறித்த கொக்கியும் தகடும் ஏறத்தாழ நல்ல வெள்ளி. எடையின் பெரும்பகுதியான சங்கிலி வேறு உலோகக் கலவை. கொக்கியும் தகடும் சேர்ந்தாலும் நான்கு கிராமைத் தாண்டாது.

இங்கே கடைக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கொலுசு உங்கள் கண்ணையும் உங்கள் இயந்திரத்தையும் ஏமாற்றக் கூடியது. வெள்ளி குறைந்த கலவையைச் சூடாக்கினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கருகி ஒட்சைட்டாக மாறும். பிறகு நீர்த்த கந்தக அமிலத்திலோ படிகார நீரிலோ கொதிக்க வைத்தால் அந்தக் கருகிய செம்பு கரைந்து போய், மேற்பரப்பில் வெள்ளி மட்டும் மிஞ்சும். இதைத்தான் நாங்கள் வெளுப்பு எடுப்பது என்கிறோம். இரண்டு மூன்று முறை வெளுப்பு எடுத்த 60 டச் கொலுசு, சுத்த வெள்ளியைப் போலவே பளிச்சென்று நிற்கும். அதற்கு மேல் மின்முலாமும் பூசிவிட்டால் உரைகல்லில் இலேசாக உரைத்துப் பார்ப்பவருக்கு நல்ல வெள்ளியின் கோடே விழும். எக்ஸ்ரே முறையில் தரம் காட்டும் இயந்திரமும் உலோகத்தின் மேலே சில பத்து மைக்ரோன் ஆழத்தைத்தான் படிக்கிறது. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகையால் முழுப் பொருளின் தரம் என்று திரையில் காட்டும் எண், பெரும்பாலும் தோலின் தரமே. கொலுசைச் சோதிக்கும்போது கொக்கியில் அல்லாமல் நடுக் கண்ணியில், அரத்தால் வெட்டிய இடத்தில் சோதித்தால் மட்டுமே உண்மை கிடைக்கும். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது நூறு சோடிக்கு ஒரு சோடியையேனும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் கடை எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு நியாயத்தையும் வாங்குபவருக்கு நீங்கள் விளக்க வேண்டும். கொலுசில் இருக்கும் ஒவ்வொரு கண்ணியும் பொடி வைத்து ஊதி ஒட்டப்பட்டது. பொடி முதலில் உருக வேண்டும், கண்ணி உருகக் கூடாது. ஆகவே பொடியில் வெள்ளி குறைவாகவும் செம்பும் துத்தநாகமும் அதிகமாகவும் இருக்கும். எனவே உண்மையான 925 கம்பியில் செய்த கொலுசை முழுவதுமாக உருக்கினால் கட்டியின் தரம் ஓரிரண்டு டச் குறையத்தான் செய்யும். மணிகளுக்குள் கிடக்கும் குண்டுகள் பல சமயம் இரும்பு. காந்தத்தை அருகே பிடித்தால் மணி மட்டும் மெல்ல அசையும், அதைக் கண்டு முழுக் கொலுசும் போலி என்று சண்டைக்கு வரக் கூடாது. கல்லும் மீனா வண்ணமும் எடையில் சேரும். இவையெல்லாம் தொழிலின் இயல்புகள். ஆனால் ஓரிரண்டு டச் குறைவதற்கும் 92 என்று விற்றது 60 ஆவதற்கும் உள்ள தூரத்தைப் ‘பொடி’ என்ற ஒரு சொல்லால் நிரப்பிவிட முடியாது.

அடுத்தது ஜேர்மன் சில்வர். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை. செம்பு ஏறத்தாழ 60 பங்கு, நிக்கலும் துத்தநாகமும் மீதி என்ற அளவில் சேர்ந்த கலவை அது. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. சீனாவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு வெண்கலவையைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியர் செய்து பரப்பியதால் அந்தப் பெயர் வந்தது. கடினமானது, மலிவானது, எளிதில் கறுக்காதது. தாம்பாளம், குங்குமச் சிமிழ், பூக்கூடை ஆகியவற்றுக்கு நல்ல உலோகம்தான். அதை அந்தப் பெயரிலேயே விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிச் சாமான்களுக்கு நடுவே அதை அடுக்கி வைத்து, வாங்க வருபவர் “இது வெள்ளிதானே?” என்று கேட்டால் “ஜேர்மன் வெள்ளி, நல்ல வெள்ளி” என்று பதில் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். மூன்று நாள் கொழுந்து பறித்த சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, வெளிநாட்டு வெள்ளி என்றால் உள்ளூர் வெள்ளியைவிட உயர்ந்தது என்றுதான் தோன்றும்.

காது குத்து வீட்டில் குழந்தைக்குக் கிடைத்த ஒரு பால் கிண்ணத்தை அதன் தகப்பனார் என்னிடம் கொண்டு வந்தார். அடியில் எந்த முத்திரையும் இல்லை. எடை 96 கிராம். அதை வெட்டவோ அமிலம் இடவோ அவருக்கு மனமில்லை. விருந்தினர் கொடுத்த பரிசு. ஆகவே நீரில் நிறுத்தினோம். இந்தச் சோதனை எந்தக் கடையிலும் செய்யக் கூடியது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசின் மேல் பாதியளவு நீருள்ள கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூச்சியம் ஆக்க வேண்டும். கிண்ணத்தை மெல்லிய நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் மூழ்குமாறு, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு கையில் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தட்டி விட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்தான் கிண்ணம் விலக்கிய நீரின் எடை. 96 கிராமை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். 925 வெள்ளியின் அடர்த்தி 10.3, 10.4 அளவில் இருக்கும். ஆகவே 96 கிராம் வெள்ளிக் கிண்ணம் ஏறத்தாழ 9.3 கிராம் நீரை விலக்க வேண்டும். எங்கள் தராசு 11.1 காட்டியது. வகுத்தால் 8.6. ஜேர்மன் சில்வரும் பித்தளையும் இருக்கும் இடம் அது. வெள்ளியில் எவ்வளவு செம்பு கலந்தாலும் அந்த எண் வராது, ஏனெனில் சுத்தச் செம்பின் அடர்த்தியே 8.9க்கு மேல்.

இந்தச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. 925க்கும் 800க்கும் அடர்த்தி வேறுபாடு நூற்றுக்கு இரண்டு அளவுதான். பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசால் அவற்றை நம்பிப் பிரிக்க முடியாது. உள்ளே காற்றுள்ள மணிக் கொலுசுக்கும், அரக்கு நிரப்பிய குத்துவிளக்குக்கும் இது பயன்படாது. கிண்ணம், கரண்டி, டம்ளர், குழந்தைத் தண்டை போன்ற திண்ணிய பொருளில் ‘இது வெள்ளியா, வெள்ளியே இல்லாததா’ என்ற கேள்விக்கு மட்டும் இது தெளிவான பதில் தரும். வெள்ளி என்று உறுதியான பின்னர் எத்தனை டச் என்று அறிய வேண்டுமானால் திராவகமோ உருக்கிச் சோதிப்பதோதான் வழி. அரத்தால் வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு நைத்திரிக் அமிலத்தைக் கண்ணாடிக் குச்சியால் வைத்தால் ஜேர்மன் சில்வரும் பித்தளையும் நுரைத்துப் பச்சையாகும். நல்ல வெள்ளி பச்சை காட்டாமல் சாம்பலும் பாலும் கலந்த நிறத்தில் நிற்கும். டச் குறையக் குறையப் பச்சை ஏறும். அந்தச் சொட்டின் மேல் உப்பு நீர் விட்டால், வெள்ளி இருந்தால் தயிர்க் கட்டி போல வெள்ளையாகத் திரளும். இது தோலையும் கண்ணையும் பொசுக்கும் திரவம். கடையில் பழகியவர் கையுறையோடு செய்ய வேண்டியதேயன்றி, வாங்குபவர் வீட்டில் செய்து பார்க்க வேண்டியது அன்று.

கிண்ணத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கரண்டி உரசும் உதட்டில், நகத்தின் அகலத்துக்கு, வெள்ளை தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஆக அது ஜேர்மன் சில்வர்கூட அன்று. பித்தளைக் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம் பூசியது. இப்போது கடைகளில் ஜேர்மன் சில்வர் என்ற பெயரில் வரும் பூசைச் சாமான்களிலும் பரிசுச் சாமான்களிலும் இப்படி முலாம் பூசி, மேலே நிறமற்ற வார்னிஷ் அடித்தவை நிறைய உண்டு. வாங்குபவருக்கு இந்த மூன்றும் ஒரே பளபளப்பு. மதிப்போ முற்றிலும் வேறு. அந்தக் கிண்ணத்தின் உட்புறமும் வெளிப்புறமும் சேர்ந்து ஏறத்தாழ 220 சதுர சென்ரிமீற்றர். முலாம் ஐந்து மைக்ரோன் தடிப்பு என்று தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும் அதில் உள்ள வெள்ளி ஒரு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கிராமையும் பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு அது ஈடாகாது. 96 கிராமுக்கு வெள்ளி விலை கொடுத்து வாங்கியவர் அதை அடகு வைக்கப் போனால் ஒரு ரூபாயும் கிடைக்காது என்பதன் காரணம் இதுதான்.

பழகும் விதத்திலும் இம்மூன்றும் வேறுபடுகின்றன. வெள்ளி நம் மலைநாட்டு ஈரத்திலும் விறகுப் புகையிலும் கறுக்கும். முட்டை, வெங்காயம், இறப்பர் வளையம் ஆகியவற்றிலுள்ள கந்தகம் பட்டால் இன்னும் விரைவில் கறுக்கும். அந்தக் கறுப்பைத் தேய்த்தால் அடியில் மீண்டும் வெள்ளிதான். ஜேர்மன் சில்வர் கறுப்பதற்குப் பதிலாக மஞ்சள் தட்டி மங்கும், புளிப்புப் பட்ட இடத்தில் பச்சை பூக்கும். முலாம் பூசியது வெள்ளி போலவே கறுக்கும். ஆனால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பூச்சு மெலிந்து, கடைசியில் அடி உலோகம் வெளிவரும். வாங்குபவரிடம் ‘புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள்’ என்று சொல்ல வேண்டியது முலாம் பொருளுக்குத்தான். அதைச் சொன்னாலே அது முலாம் என்பதும் சொல்லப்பட்டுவிடும். ஒருவேளை அதனால்தான் யாரும் சொல்வதில்லை போலும்.

பழைய துரைமார் பங்களாச் சாமான் என்று விற்கப்படும் தேநீர்க் கேத்தல்கள், சீனிக் கிண்ணங்கள், தட்டுகள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அவற்றின் அடியில் சிறு கேடயங்களுக்குள் தனித்தனியே ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகள் வரிசையாக இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசிய பொருள் என்று அதைச் செய்தவரே ஒப்புக்கொண்டது. பர்மிங்ஹாமில் 1840இல் மின்முலாம் காப்புரிமை பெற்ற பின்னர் இவை பெருமளவில் செய்யப்பட்டன. கேடய வடிவத்தைப் பார்த்து இங்கிலாந்து வெள்ளி முத்திரை என்று எண்ணுபவர் உண்டு. நடக்கும் சிங்கமோ சோதனை அலுவலகத்தின் வேறு தர முத்திரையோ இல்லாவிடில் அது வெள்ளி முத்திரை அன்று. ஐரோப்பியக் கரண்டிகளில் உள்ள 90 என்ற எண்ணும் இப்படியே. அது நூற்றுக்கு 90 வெள்ளி என்பதன்று. ஒரு டசின் கரண்டிக்கும் முள்ளுக்கும் பூசப் பயன்பட்ட வெள்ளியின் கிராம் அளவு. அழகுக்காக வாங்குபவர் வாங்கட்டும். வெள்ளி எடைக்கு விற்பதை மட்டும் நிறுத்துங்கள்.

இனி நான் கேட்பது. கடையை மாற்றச் சொல்லவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பற்றுச்சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன். கொலுசுக்கு: ‘வெள்ளி, தரம் 925 (அல்லது 800, 700, உள்ளது எதுவோ அது), மொத்த எடை இவ்வளவு, கல்லும் மீனாவும் நீக்கிய எடை இவ்வளவு, திரும்ப எடுக்கும்போது கணக்கிடும் தரம் இது.’ கடைசி வாசகம்தான் முக்கியம். விற்கும்போது சொல்லும் தரத்திலேயே திரும்ப எடுப்பதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால், மொத்த வியாபாரி தரும் சரக்கை நீங்களே வெட்டிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள். முத்திரையை நான் கேட்பதைவிட இதை அழுத்திக் கேட்பதன் காரணமும் அதுவே: பொறித்தவர் எங்கோ இருக்கிறார், எழுதிக் கொடுப்பவர் நம் ஊரில் இருக்கிறார். ஜேர்மன் சில்வருக்கு: ‘ஜேர்மன் சில்வர், வெள்ளி இல்லை.’ முலாம் பொருளுக்கு: ‘வெள்ளி முலாம், அடி உலோகம் பித்தளை.’ இந்த இரண்டையும் வெள்ளிப் பெட்டியிலிருந்து எடுத்து வேறு தட்டில் வைத்து, கிராம் கணக்கில் அல்லாமல் உருப்படிக் கணக்கில் விற்க வேண்டும்.

இது என் சொந்த ஆசை மட்டும் அன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவிலும் பொருளின் தரம் பற்றிய பொய்க் கூற்றை 31ஆம் பிரிவிலும் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் வணிகரைக் கட்டுப்படுத்துகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து யாரும் முறையிடலாம். 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை உலோகத் தரப் பரிசோதனையும் செய்து தருகிறது. ஆனால் தரம் எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு முறையிடுபவரால் எதையும் நிரூபிக்க முடியாது. ‘வெள்ளிக் கொலுசு, 80 கிராம்’ என்ற வரியில் பொய் எதுவும் இல்லை, 60 டச்சும் வெள்ளிதானே என்று வாதாட இடமிருக்கிறது. அந்த இடத்தை அடைக்கத்தான் தரத்தை எழுதச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற இயலாது என்று சொல்பவர்கள், குழந்தைகளின் பொருள்களிலிருந்து தொடங்கலாம். தண்டை, அரைஞாண், பால் கிண்ணம், சங்கு ஆகியவை தோலிலும் வாயிலும் நேரடியாகப் படுபவை. நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் உண்டாக்கும் உலோகம். தோலில் படும் பொருள்களிலிருந்து நிக்கல் கசியும் அளவை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஈரக் காலில் நாள் முழுவதும் கிடக்கும் ஜேர்மன் சில்வர் தண்டையைச் சுற்றிப் புண் வந்த குழந்தைகளைப் பார்க்கிறேன். வீட்டில் அதை வெள்ளி என்றே நம்புவதால் யாரும் கழற்றுவதில்லை. தோடம்பழச் சாறும் தயிரும் ஊற்றும் கிண்ணம் முலாம் தேய்ந்த பித்தளையாக இருந்தால் செம்பு உணவில் இறங்கும். இந்த நான்கு பொருள்களை மட்டுமாவது 800க்குக் குறையாத வெள்ளியில், தரம் எழுதிய சீட்டோடு விற்பது என்று நகரத்துக்கு நகரம் நீங்களே பேசி முடிவு செய்யலாம்.

அடுத்த தீபாவளிச் சரக்குக்காகச் செட்டியார் தெருவுக்குப் போகும்போது, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சோடியின் நடுக் கண்ணியை வெட்டிச் சோதிக்கலாமா என்று மொத்த வியாபாரியிடம் முதலில் கேளுங்கள். சம்மதிப்பவரிடம் மட்டும் எடுங்கள். வெட்டிய கண்ணியை மீண்டும் ஊதி ஒட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகாது, நம் ஊர்ப் பத்தர் எவரும் அதைச் செய்து கொடுப்பார்.

இப்படிக்கு,
கொலுசு பழுது பார்க்கும் பத்தர் ஒருவர்,
ஹட்டன்